துணை ஆசிரியர் பணித் தேர்விலிருந்து விலகும் கடிதம்

அனுப்புநர்
இரா. கயல்விழி,
சிங்காநல்லூர்,
கோயம்புத்தூர் – 641005.

பெறுநர்
முதன்மை ஆசிரியர் அவர்கள்,
சிறுவர் அறிவியல் நூல் பிரிவு,
பதிப்பக அலுவலகம்,
இராயப்பேட்டை,
சென்னை – 600014.

நாள்: 18.06.2025

பொருள்: துணை ஆசிரியர் பணிக்கான தேர்விலிருந்து விலகிக்கொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது விண்ணப்பம், நாள் 05.05.2025.
2. இரண்டாம் கட்ட நேர்காணல் குறித்த தங்கள் மின்னஞ்சல், நாள் 12.06.2025.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் பதிப்பகத்தின் சிறுவர் அறிவியல் நூல் பிரிவில் துணை ஆசிரியர் பணிக்கு நான் அளித்திருந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறொரு நிறுவனம் அனுப்பிய பணி நியமன ஆணையை 16.06.2025 திங்கட்கிழமை அன்று ஏற்றுக் கையொப்பமிட்டுவிட்டேன். ஆகவே வரும் 30.06.2025 அன்று நடைபெறவுள்ள இரண்டாம் கட்ட நேர்காணலுக்கு நான் வர இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் ஏற்றிருப்பது கோயம்புத்தூரில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் கலைச்சொல் தொகுப்புத் திட்டத்தில், 01.08.2025 முதல் இரண்டு ஆண்டுகளுக்கான ஒப்பந்தப் பணி. தங்கள் அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், அதற்கான நேர்காணல் முடிந்திருந்தது. நீண்ட நாள் பதில் இல்லாததால் அந்த வாய்ப்பு போய்விட்டதாகவே எண்ணியிருந்தேன். ஒரு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்ற குறிப்போடு ஆணை இம்மாதம்தான் வந்தது. தங்கள் முடிவு தெரியும்வரை அவர்களிடம் அவகாசம் கேட்டிருக்கலாம், அவர்களும் தந்திருக்கக்கூடும். ஆனால் தங்கள் தேர்வில் நேர்காணலும் அதன் பின் நிர்வாக இயக்குநருடனான சந்திப்பும் மீதமிருக்கையில், ஓர் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டே மற்றொரு தேர்வில் தொடர்வது இரு தரப்பாருக்கும் நியாயமாக இராது என்று எனக்குத் தோன்றியது. குடும்பச் சூழலில் அடுத்த ஓரிரு ஆண்டுகள் கோவையிலேயே இருப்பது எனக்கு அவசியம் என்பதும் இம்முடிவுக்கு ஒரு காரணம்.

ஊதியத்தையோ பதவிப் பெயரையோ உயர்த்திக் கேட்கும் நோக்கத்தில் இதை எழுதவில்லை. அறிவிப்பில் தாங்கள் குறிப்பிட்டிருந்த ஊதியம் எனக்கு முழு நிறைவளித்தது. கையொப்பமிட்ட ஆணையிலிருந்து பின்வாங்கும் எண்ணமும் எனக்கு இல்லை என்பதால், மாற்று ஏற்பாடு எதையும் எனக்காகப் பரிசீலிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கான நூல்கள் அக்டோபருக்குள் மெய்ப்பு நிலையைத் தொட்டுவிட வேண்டும் என்று முதல் நேர்காணலில் தாங்கள் கூறியிருந்தீர்கள். எனக்கு ஒதுக்கிய நேரத்தைப் பட்டியலில் உள்ள மற்றொருவருக்கு அளிக்கத் தங்களுக்கு நாள் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே, நேர்காணல் நாள்வரை காத்திராமல் இப்போதே எழுதுகிறேன்.

தாங்கள் மதிப்பீட்டுக்காக அனுப்பியிருந்த தாவரவியல் கையெழுத்துப்படியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் முதல் இரண்டு இயல்களைத் திருத்தி முடித்திருந்தேன். அந்தக் கோப்பை இத்துடன் இணைத்துள்ளேன். தேர்விலிருந்து விலகிய பிறகு அதற்கு மதிப்பீடு எதுவும் தேவையில்லை, மதிப்பூதியமும் வேண்டாம். இருப்பினும் அடுத்து அதைக் கையில் எடுப்பவருக்குச் சில குறிப்புகள் பயன்படலாம். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட படி அது என்று தெரிகிறது. ‘ஔ’ என்ற ஓரெழுத்து வர வேண்டிய இடங்களில் ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து இரண்டு எழுத்துகளாக விழுந்திருக்கின்றன. துணைக்கால் வர வேண்டிய இடங்கள் சிலவற்றில் ரகரம் நிற்கிறது. அச்சுத்தாளில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இப்பிழைகள், கணினியில் ஒரு சொல்லைத் தேடும்போதும் பின்னிணைப்புச் சொல்லடைவை அகர வரிசைப்படுத்தும்போதும் தொல்லை தரும். இவற்றைக் கையால் ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட, படி முழுவதையும் மீண்டும் ஒருமுறை மாற்றியில் இட்டு எடுத்து, அதன் பின் மெய்ப்புப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. நூலாசிரியரின் நடை மிகவும் இயல்பாக இருக்கிறது. மூன்றாம் இயலைத் திருத்தாமல், வாசகராகவே படித்து மகிழ்ந்தேன். இன்னும் வெளிவராத நூல் என்பதால், இக்கடிதத்தை அனுப்பிய பின் என் கணினியிலும் மின்னஞ்சலிலும் உள்ள படிகளை அழித்துவிடுவேன். அதன் உள்ளடக்கத்தை எவரிடமும் பகிர்ந்ததில்லை.

29.06.2025 இரவு சேரன் விரைவு வண்டியில் எனக்காகத் தங்கள் அலுவலகம் எடுத்திருந்த பயணச்சீட்டு தங்கள் கணக்கில் பதிவாகியிருப்பதால் நான் அதை நீக்க இயலவில்லை. பயணத்துக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. இப்போதே நீக்கினால் பிடித்தம் குறைவாக இருக்கும். நீக்கிய பின் திரும்பக் கிடைக்காத தொகை எதுவாயினும் தெரிவித்தால் அதை அனுப்பிவிடுகிறேன். என் பரிந்துரையாளர்கள் இருவரிடமும் செய்தியைச் சொல்லிவிட்டேன், அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டியதில்லை.

எதிர்காலம் குறித்து ஒரு விண்ணப்பம். என் ஒப்பந்தம் 2027 ஜூலையில் நிறைவடைகிறது. அதற்குப் பிறகு தங்கள் பிரிவில் இதே போன்ற பணியிடம் உருவானால், மற்றவர்களைப் போலவே முதல் கட்டத்திலிருந்து தேர்வில் கலந்துகொள்ள விரும்புகிறேன்; இப்போது நான் அடைந்த நிலையைக் காரணம் காட்டிச் சலுகை எதுவும் கேட்க மாட்டேன். இதற்காக என் தன்விவரக் குறிப்பையும் எழுத்துத் தேர்வு விடைத்தாளையும் தங்கள் கோப்பில் வைத்துக்கொள்ள இசைவு தருகிறேன். சான்றிதழ் நகல்களையும் ஆதார் நகலையும் மட்டும் நீக்கிவிடக் கோருகிறேன். தேவைப்படும்போது மீண்டும் தருவேன். இடைப்பட்ட காலத்தில் பகுதிநேரமாக மெய்ப்புப் பார்க்கிறேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் புதிய ஒப்பந்தம் வெளிப்பணிகளை அனுமதிக்கவில்லை என்பதால், நிறைவேற்ற முடியாத வாக்கைத் தர விரும்பவில்லை. கலைச்சொல் தொகுதி பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்படும்போது, தங்கள் ஆசிரியர் குழுவுக்கு அதன் இணைப்பை அனுப்பி வைப்பதற்கு ஒப்பந்தத்தில் தடை ஏதும் இல்லை; அதைக் கட்டாயம் செய்வேன்.

முதல் நேர்காணலில் தாங்களும் தங்கள் குழுவினரும் நடந்துகொண்ட விதத்துக்கு நன்றி கூற வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வாக்கியம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதைப் பற்றி அன்று நாம் வாதிட்டதில், என் கருத்தைத் தாங்கள் ஏற்கவில்லை. ஆயினும் அதற்கான காரணங்களை அடுக்கி விளக்கினீர்கள். அந்த விளக்கத்துக்குப் பிறகு இரண்டு இயல்களிலும் நீண்ட வாக்கியங்கள் பலவற்றை உடைத்திருக்கிறேன் என்பதை இணைப்பில் காணலாம். இப்பணியில் சேர்பவர் எவராயினும் அவருக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் வாய்ப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

விலகலைப் பதிவு செய்துகொண்டதற்கான ஒரு வரிப் பதிலையும், பயணச்சீட்டு நீக்கப்பட்ட விவரத்தையும் மின்னஞ்சலில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. கயல்விழி

இணைப்பு: திருத்தப்பட்ட கையெழுத்துப்படி, இயல்கள் 1, 2.