வளரிளம் பருவ மனநல உரை: நெறியாளர் கையில் இருக்க வேண்டிய கேள்விகள்

சனிக்கிழமை மாலை 5 மணி, பள்ளி அரங்கம். உரை 40 நிமிடம், கேள்விகள் 30 நிமிடம். 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். உரையாற்றும் டாக்டருக்குக் கேள்விகள் புதன்கிழமையே போய்விட்டன. ஆதாரம் கேட்கும் கேள்வியை மேடையில் திடீரென்று வீசினால் ஞாபகத்தில் இருக்கும் ஏதோ ஓர் எண்தான் பதிலாக வரும்.

முதலில் இதை நிதானமாக வாசிக்கவும்:

"இங்கே யாரும் தன் கதையையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதையையோ சொல்ல வேண்டாம். கேள்விகளைச் சீட்டில் எழுதுங்கள், பெயர் வேண்டாம். பேச்சு கனமாக இருந்தால் எழுந்து போகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம். ஆலோசகர் நூலக அறையில் இருக்கிறார்."

1. "டாக்டர், தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. சில பள்ளி ஆய்வுகளில் இதைவிடப் பல மடங்கு வருகிறது. இரண்டிலும் எண்ணப்பட்டது ஒன்றுதானா?"

எதிர்பார்க்கும் பதில்: ஒன்று நேர்காணல் வழியாக நோயைக் கணிப்பது, மற்றது வினாத்தாள் மதிப்பெண். பதில் வராவிட்டால், "யார், எதை வைத்து அளந்தார்கள்?" என்று ஒரு முறை மட்டும் திரும்பக் கேட்கவும்.

2. "பள்ளி முழுவதற்கும் வினாத்தாள் கொடுத்துச் சோதிக்கலாமா? உதாரணத்துக்கு 1,000 பிள்ளைகளில் 70 பேருக்கு உண்மையில் பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாத்தாள் அவர்களில் 80 சதவீதத்தைக் கண்டுபிடிக்கும், அதாவது 56 பேர். பாதிப்பில்லாத 930 பேரில் 15 சதவீதத்தைத் தவறாகக் காட்டும், ஏறத்தாழ 140 பேர். ஆக 196 பெயர்கள் வரும், அதில் 140 தவறு. அடுத்த வாரம் இந்த 196 பேரையும் உட்கார வைத்துப் பேச யார் இருக்கிறார்கள்?"

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கேட்கவும். காதால் மட்டும் கேட்டால் பிடிபடாது. நம் பள்ளியில் ஆலோசகர் ஒருவர்தான். தவறாக வந்த பெயர்கூட ஆசிரியர் அறையில் ஒரு பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்தக் கேள்விக்கு 8 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம்.

3. "செல்போன்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறோம். 2019-ல் ஆர்பன், பிரிஸ்பில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூன்று பெரிய தரவுத் தொகுப்புகளில் 3,55,000-க்கும் அதிகமான பதின்வயதினரைப் பார்த்தார்கள். மனநலத்தில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் விளக்கியது. இது சராசரி. சராசரியில் மறைந்துபோகும் பிள்ளைகள் யார்? மனம் சரியில்லாததால் போனை எடுக்கிறார்களா, போனை எடுத்ததால் மனம் சரியில்லாமல் போகிறதா, எந்த ஆய்வு இதைப் பிரித்துக் காட்டுகிறது?"

"அப்போ போன் கொடுக்கலாமா?" என்று குரல் வரும். அதைச் சீட்டில் வாங்கிக்கொள்ளவும்.

4. "பிரிட்டனில் 85 பள்ளிகளில் மனக்கவனப் பயிற்சியைச் சோதித்த மிரியாட் ஆய்வு, வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2022-ல் சொன்னது. பிகாரில் 74 பள்ளிகளில் நடந்த சேஹர் ஆய்வில் பள்ளி நல மேம்பாட்டுத் திட்டத்தைப் பயிற்சி பெற்ற ஆலோசகர் நடத்தியபோது பள்ளிச் சூழல் மேம்பட்டது. அதையே ஆசிரியர்கள் நடத்தியபோது மேம்படவில்லை. நம் பள்ளியில் யார் நடத்தப் போகிறார்கள்?"

ஆசிரியர்களைக் குறை சொல்வதாகத் தொனிக்கக்கூடாது. பாடச்சுமையும் மதிப்பெண் அதிகாரமும் கையில் இருப்பவரிடம் பிள்ளை மனம் திறப்பது கடினம் என்ற கோணத்தில் டாக்டரைப் பேச அழைக்கவும்.

5. "தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைப்போமா?"

நியூயார்க் மாநிலத்தில் 2,342 மாணவர்களிடம் சோதித்து 2005-ல் வெளியான ஆய்வில், கேட்டதால் மனவேதனை கூடவில்லை. இதைச் சொன்ன பிறகு, "எந்தச் சொற்களில் கேட்பது?" என்று தொடரவும். டாக்டர் ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். வழிமுறை, இடம், ஊர், அண்மைச் செய்தி எதுவும் வேண்டாம். "தற்கொலை செய்துகொண்டான்" என்பதற்குப் பதில் "தற்கொலையால் இறந்தான்" என்றே பேசவும். ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்கும் சீட்டுகளை ("மார்க் குறைந்ததால்") வாசிக்க வேண்டாம்.

6. "நீங்கள் இன்று சொன்னவற்றில் எதைப் பற்றி உங்களுக்கே உறுதி குறைவு?"

இதை விட்டுவிடக்கூடாது. நேரம் போதாவிட்டால் நான்காவதைக் கைவிடலாம்.

சீட்டுகளை மேடைக்கு வரும் முன் ஆலோசகர் பிரிப்பார். "என் நண்பன்" என்று தொடங்கும் சீட்டு பெரும்பாலும் எழுதியவரைப் பற்றியது; அதை வாசிக்காமல் தனியே வைக்கவும். உரை முடிந்ததும் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண் இரண்டையும் திரையில் போட்டு அப்படியே விடவும். ஆலோசகர் இரவு 7.30 வரை நூலக அறையில் இருப்பார். அறைக் கதவு அரங்கத்தின் பின்பக்கம் திறப்பதால் யார் பார்வையிலும் படாமல் போகலாம்.