வாய்க்கால் ஓட்டமும் துருசுச் சுழியும்: இரண்டு வேகப் புலங்களுக்கு விரிவான விடை

கிளிநொச்சியில் பாயிப் பொறியியல் படிக்கும் இரண்டாம் வருடத் தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். போன கிழமை தந்த வினாவுக்கு வந்த விடைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தன: "தண்ணீர் நேராக ஓடுகிறது, ஆகவே சுழற்சியற்றது." அதனால் ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டுகிறேன்.

வினா இதுதான். இரணைமடுவில் இருந்து வரும் ஒரு கிளை வாய்க்கால், அகலம் 2 மீற்றர். ஓட்டத்தின் திசையில் x அச்சு. கீழ்நோக்கிப் பார்த்து நின்றால் வலக்கரையில் y = 0, இடக்கரையில் y = 2. வேகப் புலம்:

u = 0.6 y(2 − y),  v = 0

(மீற்றர், செக்கனில்.) சுழிப்பைக் காண்க. 0 ≤ x ≤ 3, 0 ≤ y ≤ 1 என்ற செவ்வகத்தைச் சுற்றி இடஞ்சுழியாகச் சுற்றோட்டத்தைக் காண்க. ஓட்டம் சுழற்சியற்றதா?

உண்மையான வாய்க்காலில் ஓட்டம் கொந்தளிப்பானது. வேகம் இவ்வளவு அழகான பரவளைவாக இராது, நடுவில் தட்டையாகவும் கரையில் செங்குத்தாகவும் இருக்கும். கரையில் பூச்சியம், நடுவில் கூடியது என்ற முக்கியமான விசயம் மட்டும் மாறாது. கணக்குக்கு அது போதும்.

சுழிப்பு என்பது தண்ணீரின் ஒரு சின்னத் துணுக்கு தன்னைத் தானே எவ்வளவு சுற்றுகிறது என்பதன் அளவு. xy தளத்தில் அதற்கு ஒரே கூறுதான்:

ω = ∂v/∂x − ∂u/∂y

இங்கே v = 0, ஆகவே முதல் உறுப்பு போய்விடும். u = 1.2y − 0.6y² என்று விரித்தால் ∂u/∂y = 1.2 − 1.2y. எனவே

ω = 1.2(y − 1)  (s⁻¹)

வலக்கரையில் −1.2, நடுவில் 0, இடக்கரையில் +1.2. நடுக்கோட்டைத் தவிர வேறெங்கும் பூச்சியம் இல்லை. ஓட்டம் சுழற்சியற்றது அல்ல. விடை இங்கேயே வந்துவிட்டது.

நம்ப மாட்டீர்கள் என்றால் ஈர்க்குத் துண்டு இரண்டைச் சிலுவையாகக் கட்டி, கரையில் இருந்து அரை மீற்றர் தள்ளி மிதக்கவிட்டதாக நினையுங்கள். y = 0.5 இல் ω = −0.6. துணுக்கின் கோண வேகம் சுழிப்பில் பாதி, அதாவது −0.3 rad/s. சய அடையாளம் என்றால் வலஞ்சுழி. ஒரு முழுச் சுற்றுக்கு 2π/0.3 ≈ 21 செக்கன். அந்த இடத்தில் u = 0.45 m/s, ஆகவே கிட்டத்தட்ட 9.4 மீற்றர் போவதற்குள் சிலுவை ஒரு தடவை சுற்றிவிடும். நேர்கோட்டில் போய்க்கொண்டே தன்னைச் சுற்றுகிறது. கரைப்பக்கத் தண்ணீர் பிந்துகிறது, நடுப்பக்கத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் காரணம். பாதை நேரா வளைவா என்பது வேறு கேள்வி.

அப்புறம் சுற்றோட்டம். மூடிய பாதை வழியே வேகத்தின் கோட்டுத் தொகையீடு:

Γ = ∮ (u dx + v dy)

நான்கு பக்கங்கள். y = 0 பக்கத்தில் u = 0, பங்கு 0. இரண்டு குறுக்குப் பக்கங்களிலும் dx = 0, v = 0, அவையும் 0. மிச்சம் y = 1 பக்கம் மட்டும்: அங்கே u = 0.6, ஆனால் x = 3 இல் இருந்து 0 க்குத் திரும்பி வருகிறோம். ஆகவே

Γ = 0.6 × (−3) = −1.8  (m²/s)

அந்தச் சய அடையாளத்தை விட்டவர்கள் பலர். எந்தப் பக்கம் நோக்கி நடக்கிறோம் என்று படத்தில் அம்புக்குறி போடாமல் தொடங்கினால் இப்படித்தான் ஆகும்.

ஸ்ரோக்சின் தேற்றத்தால் சரிபார்ப்போம். செவ்வகத்துக்குள் சுழிப்பைப் பரப்பின் மேல் தொகையிட்டால்

∫∫ ω dA = 3 × ∫₀¹ 1.2(y − 1) dy = 3 × (−0.6) = −1.8

பொருந்துகிறது. சரி.

இப்போது இதே செவ்வகத்தை y = 2 வரை நீட்டுங்கள். இரண்டு கரைகளிலும் u = 0, ஆகவே Γ = 0. ஒருவர் இதைச் செய்துவிட்டு, "Γ = 0, ஆகவே சுழற்சியற்றது" என்று அடிக்கோடும் போட்டிருந்தார். வலப்பாதியின் −1.8 ஐ இடப்பாதியின் +1.8 வெட்டிவிட்டது, வேறொன்றும் இல்லை. ஒரு பாதையில் Γ பூச்சியமாவது எதையும் நிறுவாது. எல்லா மூடிய பாதைகளுக்கும் பூச்சியமாக வேண்டும். மறுபக்கமாக, ஒரேயொரு பாதையில் Γ பூச்சியம் இல்லை என்று காட்டினால் உள்ளே எங்கோ சுழிப்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். புலம் உள்ளே எல்லா இடத்திலும் ஒழுங்காக வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இரண்டாவது புலம். துருசு வாயின் மேல் தண்ணீர் சுழித்து இறங்குமே, அதன் கிடை ஓட்டத்துக்கு ஒரு மாதிரி:

u = −0.02 y/(x² + y²),  v = 0.02 x/(x² + y²)

வகையிட்டால்

∂v/∂x = 0.02(y² − x²)/(x² + y²)²
∂u/∂y = 0.02(y² − x²)/(x² + y²)²

இரண்டும் ஒன்றே, ω = 0. கண்ணுக்கு வட்டமிடும் தண்ணீர், ஆனால் உற்பத்தியைத் தவிர எங்கும் சுழற்சியற்றது! நமது ஈர்க்குச் சிலுவை வட்டத்தில் போகும், தன்னைச் சுற்றாது. வடக்கைப் பார்த்த ஈர்க்கு வடக்கையே பார்த்தபடி சுற்றி வரும். சிலுவை சிறியதாகவும் நடுவில் இருந்து தள்ளியும் இருக்க வேண்டும்.

ஆனால் உற்பத்தியைச் சூழும் r ஆரையுள்ள வட்டத்தில் வேகம் 0.02/r, சுற்றளவு 2πr. ஆகவே எந்த r க்கும்

Γ = 2π × 0.02 ≈ 0.126  (m²/s)

ω எங்கும் பூச்சியம், Γ பூச்சியம் இல்லை. ஸ்ரோக்சின் தேற்றம் பொய்த்துவிட்டதா? இல்லை. x = y = 0 இல் புலமே வரையறுக்கப்படவில்லை, அதனால் அந்தப் புள்ளியை உள்ளடக்கும் பரப்பில் தேற்றத்தைப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை. உற்பத்தியை வெளியே விட்டுப் பாருங்கள்: r = 0.5 க்கும் r = 1 க்கும் இடையில் கால்வட்டத் துண்டு. வெளிவில்லில் 0.02 × π/2 = 0.01π. உள்வில்லில் 0.04 × π/4 = 0.01π, ஆனால் எதிர்த்திசையில். ஆரைப் பக்கங்களில் வேகம் பாதைக்குச் செங்குத்து, பங்கு இல்லை. மொத்தம் 0.

உண்மையான சுழியின் நடுவில் வேகம் முடிவிலியாவதில்லை. ரங்கினின் மாதிரி இதற்குத்தான்: நடுவில் 10 சென்ரிமீற்றர் ஆரைக்குள் தண்ணீர் திண்மம்போல் ஒன்றாகச் சுற்றுகிறது என்று எடுப்போம். விளிம்பில் வேகம் 0.02/0.1 = 0.2 m/s, கோண வேகம் 0.2/0.1 = 2 rad/s, ஆகவே உள்ளே ω = 4 s⁻¹. பரப்பு π × 0.01. பெருக்கினால் 0.04π ≈ 0.126. வெளி வட்டத்தில் கிடைத்த அதே Γ, முழுவதும் அந்த ஒரு சாண் அகல நடுப்பகுதிக்குள்ளேயே இருந்தது.