குன்னூர் புதுவீடு: ஏழு டிக்கெட் படங்களும் ஒரே பயணத் திட்டமாக

அப்பா, அம்மா, சித்தி, அக்கா நால்வருக்கும்,

நீங்கள் அனுப்பிய ஏழு டிக்கெட் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்து, ஏறும் நேரம், இறங்கும் நேரம், நடுவில் காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் நாள் வரிசையில் எழுதியிருக்கிறேன். நேரங்கள் 24 மணிக் கணக்கில். புதுமனை புகுவிழா 25 ஜனவரி 2026, ஞாயிறு விடியற்காலை. அதனால் சனிக்கிழமை மாலைக்குள் எல்லோரும் குன்னூர் வந்து சேர வேண்டும். டிக்கெட் கணக்குப்படி சேர்ந்துவிடுகிறீர்கள். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. அந்த இரண்டையும் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

வெள்ளி, 23 ஜனவரி

21:05 – அப்பா, அம்மா, பாட்டி. சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் (12671), பெட்டி B2. அம்மா அனுப்பிய படத்தில் மேல்பகுதி வெட்டுப்பட்டிருப்பதால் கிளம்பும் தேதி தெரியவில்லை. கீழே Arrival வரியில் 24-Jan-2026 06:20 என்று இருப்பதை வைத்துத்தான் 23 இரவு என்று உறுதி செய்தேன். படுக்கை விவரம்: அப்பாவுக்கு 17 கீழ், அம்மாவுக்கு 20 கீழ், பாட்டிக்கு 18 நடு. பாட்டியால் நடுப்படுக்கைக்கு ஏற முடியாது. அப்பா, நீங்கள் 18க்கு மாறி 17ஐப் பாட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். மூன்றும் ஒரே தடுப்புக்குள் இருப்பதால் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

23:45 – சித்தி, இந்த நேரத்துக்கு நீங்கள் பஞ்சப்பூர் பேருந்து முனையத்தில் இருக்க வேண்டும். டிக்கெட்டில் ஏறுமிடம் பஞ்சப்பூர் என்றே இருக்கிறது. பழக்கத்தில் ஊருக்குள் இருக்கும் பழைய மத்திய பேருந்து நிலையத்துக்குப் போய்விட வேண்டாம்.

சனி, 24 ஜனவரி

00:25 – சித்தி பஸ் ஏறுகிறார்.

இதுதான் முதல் கவனம். உங்கள் டிக்கெட்டின் தலையில் 23-Jan என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அது பஸ் தஞ்சாவூரிலிருந்து கிளம்பும் தேதி. திருச்சியில் ஏறும் நேரம் கீழே சிறிய எழுத்தில் 12:25 AM, 24-Jan. இதைப் படித்துவிட்டு "24தானே, சனிக்கிழமை ராத்திரி போகலாம்" என்று நினைத்தால் பஸ் ஒரு நாள் முன்னதாகவே போயிருக்கும். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அப்படியே கிளம்புங்கள், சித்தி. தொலைபேசியில் உங்களிடம் ஒருமுறை சொல்லியும் விட்டேன், இருந்தாலும் இங்கே எழுதி வைக்கிறேன்.

06:15 – அக்கா, மாமா, குழந்தைகள். பெங்களூரு மைசூர் ரோடு சாட்டிலைட் பேருந்து நிலையத்தில் ஊட்டி பஸ். பகல் பஸ் பிடித்தது மிக நல்ல முடிவு. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அந்தக் கவலை போகும்போது இல்லை.

06:20 – நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம்.
07:10 – மலை ரயில் (56136) மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பாடு.
இடைவெளி: 50 நிமிடம்.

இரண்டாவது கவனம் இது. மொத்தப் பயணத்தில் என்னைத் தூங்கவிடாத இடைவெளியும் இதுதான். மலை ரயில் டிக்கெட்டில் Departure, Arrival இரண்டிலும் N.A. என்று வந்திருந்தது. ரயில்வேயின் NTES பக்கத்தில் பார்த்துத்தான் 07:10 என்று எழுதினேன். ரயில் நேரத்துக்கு வந்தால் 50 நிமிடம் தாராளம். அதே நிலையத்தில்தான் மலை ரயில் நிற்கும், வெளியே போக வேண்டாம். ஆனால் பாட்டி மெதுவாகத்தான் நடப்பார், கழிப்பறைக்கும் போக வேண்டியிருக்கும், ஒரு காபியும் வேண்டும். அரைமணி நேரம் இதிலேயே போய்விடும். வண்டி 20 நிமிடம் தாமதித்தாலும் மிச்சம் எதுவும் இருக்காது.

எனவே ஒரு ஏற்பாடு. கோயம்புத்தூரை விட்டு வண்டி நகரும்போது மணி 06:00ஐத் தாண்டிவிட்டால், அம்மா, உடனே என்னைக் கூப்பிடுங்கள். மலை ரயில் தவறினால் வருந்த வேண்டாம். மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம் பக்கத்தில்தான், குன்னூருக்கு பஸ்கள் அடிக்கடி உண்டு, ஒன்றரை மணி நேரத்தில் மேலே வந்துவிடலாம். பாட்டியை ஓட வைத்துப் பிடிக்க வேண்டிய ரயில் எதுவும் இந்த உலகத்தில் இல்லை.

மலை ரயிலில் சாமான் வைக்க இடம் மிகக் குறைவு. அண்டா, குத்துவிளக்கு எல்லாம் இங்கேயே வாங்கி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பை போதும். பாட்டியின் சால்வையும் காதை மூடும் குல்லாவும் மேல் பையில் இருக்கட்டும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கியதும் காற்று மாறிவிடும்.

07:40 – சித்தி குன்னூர் பேருந்து நிலையம். நான் 07:15க்கே அங்கு நிற்பேன்.
இடைவெளி: 2 மணி 50 நிமிடம். சித்தியை வீட்டில் விட்டு, காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு வர எனக்கு நேரம் இருக்கிறது.

10:30 – அப்பா, அம்மா, பாட்டி குன்னூர். இங்கே இறங்க வேண்டும். ரயில் ஊட்டிவரை போகும், பேச்சில் மறந்து உட்கார்ந்துவிட வேண்டாம். நடைமேடையில் நான் இருப்பேன்.

14:40 – அக்கா குடும்பம் ஊட்டி. அங்கிருந்து குன்னூர் 19 கிலோமீட்டர். நீண்ட விடுமுறை வாரம் என்பதால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். 16:30க்குள் வீடு. குழந்தைகளுக்கு மதியச் சாப்பாட்டை வழியில் கூடலூரிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஞாயிறு, 25 ஜனவரி

பயணம் இல்லை. வீடு, பூஜை, சாப்பாடு, தூக்கம்.

திங்கள், 26 ஜனவரி

12:30 – எல்லோருக்கும் மதியச் சாப்பாடு.

13:45 – அக்கா குடும்பம் குன்னூரிலிருந்து கிளம்ப வேண்டும். ஊட்டியில் பஸ் 16:30.
இடைவெளி: 2 மணி 45 நிமிடம். அதிகமாகத் தெரியும், ஆனால் அன்று குடியரசு தினம். சாலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பஸ் ஊட்டியில் நேரத்துக்குக் கிளம்பினால் பந்திப்பூர் சோதனைச் சாவடியை 20:00 வாக்கில் எட்டும். அது மூட அப்போது ஒரு மணி நேரம் மீதம். பெங்களூரு சேர்வது 00:50, அதாவது 27ஆம் தேதி. அந்த நேரத்தில் வீட்டுக்கு வண்டி கிடைக்குமா என்று மாமா முன்னதாகவே பார்த்துக்கொள்ளட்டும்.

15:15 – அப்பா, அம்மா, பாட்டி குன்னூரில் மலை ரயில் (56137).
17:35 – மேட்டுப்பாளையம்.
21:20 – நீலகிரி எக்ஸ்பிரஸ் (12672).
இடைவெளி: 3 மணி 45 நிமிடம். அப்பா மலை ரயிலில்தான் இறங்குவேன் என்று ஆசைப்பட்டு எடுத்த டிக்கெட், அதனால் மாற்றச் சொல்லவில்லை. காத்திருப்பு அறையில் பாட்டி காலை நீட்டி உட்காரட்டும். இரவுக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். படுக்கை எண்கள் இந்த டிக்கெட்டில் தெளிவாக இருக்கின்றன, மூவருக்கும் கீழ்ப்படுக்கை.

செவ்வாய், 27 ஜனவரி

06:20 – சென்னை சென்ட்ரல்.

சித்தி, நீங்கள் திரும்பும் டிக்கெட் படம் மட்டும் எனக்கு வரவில்லை. இன்னும் எடுக்கவில்லை என்றால் திங்கள் இரவுக்கு எடுங்கள். ஞாயிறு மாலையே ஓட வேண்டாம். எடுத்ததும் படத்தை முழுதாக, தேதி தெரியும்படி அனுப்புங்கள். இந்தத் திட்டத்தில் உங்கள் வரியையும் சேர்த்து மறுபடி எல்லோருக்கும் அனுப்புகிறேன்.