2.2.2026 திங்கள்: முடியுற ஜிம் மெம்பர்ஷிப் லிஸ்ட், ஜனவரி ரினியூவல் கணக்கு

சங்கீதா, காலை வணக்கம்மா. கதவ தொறந்து கூட்டம் வர்றதுக்குள்ள இத ஒரு தடவ முழுசா படிச்சிடு, பிரபு நீ சாயங்கால ஷிப்ட்டுக்கு உக்காரும்போது பாரு. நேத்து ஞாயித்துக்கிழமையும் தைப்பூசமும் ஒண்ணா வந்துடுச்சு, பாதி பேரு சுவாமிமலைக்கு போயிட்டாங்க, மொத்தமே 41 பஞ்ச்தான் விழுந்திருக்கு. அதனால நேத்து முடிஞ்சவங்களையும் இன்னிக்கு சேத்தே பாத்துக்கங்க.

இன்னிக்கு முடியுறவங்க 6 பேரு:

612 விக்னேஷ், ஒரு மாசம், நியூ இயர் ஆஃபர், கடைசியா வந்தது ஜனவரி 31
613 அருண், அதே ஆஃபர், கடைசியா வந்தது ஜனவரி 12
614 ஃபர்ஹானா, அதே ஆஃபர், லேடீஸ் பேட்ச், ஜனவரி 30
617 சரவணன், அதே ஆஃபர், ஜனவரி 9
431 ராஜேந்திரன் சார், மூணு மாசம், ஜனவரி 13
208 மீனாட்சி மேடம், ஒரு வருஷம், ஜனவரி 31

நேத்து முடிஞ்சு இன்னும் கட்டாதவங்க 605, 606, 609. நாளைக்கு 2 பேரு. புதன்கிழமை மட்டும் 9 பேரு, ஏன்னா ஜனவரி 5 திங்கள்ல சேந்த கூட்டம் அது, அன்னிக்கு டிரெட்மில்லுக்கு க்யூ நின்னுச்சே ஞாபகம் இருக்கா, அந்த 9ல இப்ப ஒழுங்கா வர்றது 3 பேருதான்.

நாளைக்கு லிஸ்ட்ல 388 செல்வம் அண்ணன் பேரு முதல்ல வரவே இல்ல. நான் பழைய பில்ல பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். பிப்ரவரி 3ன்னு நெனச்சு 3/2/2026னு அடிச்சிருக்கீங்க, நம்ம ஷீட்டு மாசத்த முன்னாடி எடுத்துக்கும், அத மார்ச் 2ன்னு வச்சுக்கிச்சு. இந்த மாதிரி இன்னும் எத்தனை ஒளிஞ்சு கெடக்கோ தெரியல, மதியம் ஆள் கம்மியா இருக்கும்போது ஜனவரில போட்ட எல்லா என்ட்ரியும் பில்லோட வச்சு சரிபாருங்க. இனிமே `03-Feb-2026` இப்படி மாச பேரோட அடிங்க, அப்பதான் குழப்பம் வராது.

இப்ப ஜனவரி கணக்கு. மொத்தம் 92 பேருக்கு முடிஞ்சுது, 57 பேரு திரும்ப கட்டிருக்காங்க, 62 சதவீதம். டிசம்பர்ல 80க்கு 52, அதாவது 65. ஒரு மாச பிளான்ல 54க்கு 27, சரிபாதி போயிடுச்சு. மூணு மாசத்துல 24க்கு 18, வருஷத்துல 14க்கு 12. ஃப்ரீஸ் போட்ட 5 பேர இதுல சேக்கல, அவங்கள முடிஞ்சவங்கன்னு எண்ணக்கூடாது. அதே மாதிரி மூணு மாசம் காணாம போயி இப்ப திரும்பி வந்த 2 பேர ரினியூவல்னு போட்டிருந்தீங்க, அது புது அட்மிஷன், நான் எடுத்துட்டேன். கணக்கு அழகா தெரியணும்னு பாத்தா நம்மள நாமளே ஏமாத்திக்கறதா ஆயிடும்.

ஜனவரி கணக்கு இன்னும் மூடல. கட்டாத 35 பேருல 11 பேரு கடைசி வாரத்துல முடிஞ்சவங்க, அவங்களுக்கு 7 நாள் டைம் ஓடிட்டிருக்கு. அதுல 6 பேரு வந்தா போதும் 68 தாண்டிடும். அந்த 11 நம்பரையும் கவுன்ட்டர் நோட்டுல பச்சை இங்க்ல எழுதி வச்சிருக்கேன்.

நேத்து ராத்திரி உக்காந்து ஒண்ணு பாத்தேன், இதத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். கட்டாத 35 பேருல 26 பேரு முடியுற தேதிக்கு முன்னாடி பத்து நாளா ஜிம்முக்கே வரல. கட்டின 57ல அப்படி வராம இருந்தது 6 பேருதான். அப்ப நாம முடியுற அன்னிக்கு ஃபோன் பண்ணி காசு கேக்கறதுல ஒரு அர்த்தமும் இல்ல, அவங்க போயி பத்து நாள் ஆச்சு, நாமதான் கவனிக்கல. இன்னிலேருந்து தொடர்ந்து 5 நாள் வராதவங்க லிஸ்ட்டும் இதோடவே அனுப்புறேன், அவங்களுக்கு பேசுங்க. பேசும்போது பீஸ் பேச்சே எடுக்காதீங்க. "என்னண்ணே நாலஞ்சு நாளா காணும், ஒடம்பு நல்லாருக்கா"ன்னு கேளுங்க, அது போதும், காரணத்த அவங்களே சொல்லிடுவாங்க.

613 அருண், 617 சரவணன் ரெண்டு பேரும் சேந்த பத்தே நாள்ல நின்னுட்டாங்க. முதல் வாரமே ஓவரா தூக்கி கை கால் புடிச்சிருக்கும், யாரும் சொல்லிக் குடுக்கலன்னு சங்கடம் இருக்கும். அவங்ககிட்ட கோச்ச பேச சொல்லுங்க, கவுன்ட்டர்லேருந்து வேணாம். 612 விக்னேஷ் டெய்லி வர்ற பையன், அவன் கேக்கப்போறது ஒண்ணுதான், போன மாசம் 999, இப்ப ஏன் 1,200ன்னு. ஆஃபர் முதல் மாசத்துக்கு மட்டும்னு நேரா சொல்லு, மூணு மாசம் 3,000 கட்டினா மாசம் ஆயிரம்தான் விழுதுன்னு கணக்கு போட்டு காட்டு, காலேஜ் பையன் மொத்தமா கட்ட முடியலன்னா வற்புறுத்தாத.

431 ராஜேந்திரன் சார் விஷயம் வேற. போகிக்கு முந்தின நாளு வந்தவரு அப்புறம் வரல, சம்பா அறுப்பு நடக்குது அவருக்கு. அறுப்பு மெஷினுக்கு காத்திருந்து, அறுத்த நெல்ல காயவச்சு, நெல் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்கன்னு நெல்லு பக்கத்துலயே காவல் படுத்துக் கெடப்பாரு, அவருக்கு போயி "சார் ரினியூவல்"னு மெசேஜ் போட்டா எப்படி இருக்கும். அவருக்கு நானே பேசி 20 நாள் எக்ஸ்டென்ட் பண்ணிடறேன். முன்னாடியே ஃப்ரீஸ் கேட்டுக்கலாம்னு அவருக்கு நாம சொல்லவே இல்ல, அது நம்ம தப்பு. விவசாயம் பாக்குற மெம்பர் மொத்தம் 17 பேரு இருக்காங்க, எல்லாருக்கும் இந்த வாரம் சொல்லிடுங்க.

அதே மாதிரி 19ந்தேதி வாக்குல ரம்ஜான் நோன்பு ஆரம்பிக்கும், பிறை பாத்துத்தான் முடிவாகும். 614 ஃபர்ஹானா இன்னிக்கு கட்டினா ரெண்டே வாரத்துல நோன்பு வந்துடும், அத முன்னாடியே சொல்லி, ஒரு மாசம் ஃப்ரீஸ் இருக்குன்னு சொல்லிட்டு அப்புறமா காசு வாங்கு.

208 மீனாட்சி மேடம் வருஷ மெம்பர், முட்டி வலியோட வந்தவங்க, இப்ப மாடிப்படிய கைப்பிடி புடிக்காம ஏறுறாங்க. வந்தா எழுந்து நின்னு பேசு சங்கீதா, வருஷம் முடிஞ்சுதுன்னு தாள நீட்டாம, போன வருஷ வெயிட் கார்ட எடுத்து வச்சு காட்டு.

போன வியாழன் நடந்தது திரும்ப நடக்கக்கூடாது. முந்தின நாள் ராத்திரியே ஜிபேல கட்டினவரு, என்ட்ரி போடாததால காலைல விரல வச்சதும் மெஷின் செவப்பு காட்டி கத்துச்சு, பின்னாடி எட்டு பேரு நின்னாங்க. பைய எடுத்துட்டு திரும்பி போயிட்டாரு. நான் பேசினப்ப "காசு கட்டியும் கடன்காரன் மாதிரி நிக்க வச்சிட்டீங்க"ன்னாரு, எனக்கு பதில் வரல. அதனால பிரபு, கடைய சாத்துறதுக்கு முன்னாடி ஜிபே லிஸ்ட்ட மேலேருந்து கீழ வரைக்கும் பாத்து எல்லா என்ட்ரியும் போட்டுட்டுதான் கெளம்பணும். முடிஞ்சவங்க யாரு வந்தாலும் அன்னிக்கு உள்ள விட்ருங்க, ஒர்க் அவுட் முடிச்சு வேர்வை தொடச்சுட்டு வரும்போது தனியா கூப்ட்டு சொல்லுங்க.

605, 606, 609 மூணு பேருக்கும் 10 மணிக்கு மேல பேசு சங்கீதா, 606 நைட் டியூட்டி, காலைல தூங்குவாரு. யாரு என்ன சொன்னாங்கன்னு அவங்க சொன்ன வார்த்தையிலயே நோட்டுல எழுதி 1 மணிக்கு போட்டோ எடுத்து அனுப்பு.