டைனிங் டேபிள் ஆர்டர் 2417: 14-ஆம் தேதி டெலிவரி தள்ளிப்போகிறது

வணக்கம் அம்மா,

14-ஆம் தேதி திருவொற்றியூர் வீட்டில் இறக்கித் தருவதாகச் சொன்ன ஆறு நாற்காலி ரப்பர்வுட் டைனிங் டேபிள் அன்று வராது. நவம்பர் 22-இலிருந்து 25-க்குள் வரும். உங்கள் கிரகப்பிரவேசம் 20-ஆம் தேதி. அதற்கு முன் வந்துவிடும் என்று இப்போது சொன்னால் அது பொய்யாகிவிடும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவிலிருந்து கப்பல் 2-ஆம் தேதியே வந்துவிட்டது. பலத்த காற்றடித்தால் கிரேனை இயக்க மாட்டார்கள். அப்படி நின்ற நாட்களில் கப்பல்கள் சேர்ந்துபோய், நம் கப்பல் 9-ஆம் தேதிதான் கரை பிடித்தது. கன்டெய்னர் நேற்று இறங்கிவிட்டது. ஆனால் யார்டு நிறைந்திருக்கிறது. டிரெய்லர்கள் ஜீரோ கேட்டிலிருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வரை வரிசையில் நிற்கின்றன. இரண்டு நாளில் மணலி சரக்கு நிலையத்துக்குப் போக வேண்டிய பெட்டி, இந்த முறை 16-ஆம் தேதிதான் போகும் போலிருக்கிறது.

அந்தப் பெட்டியில் வேறு கடைகளின் சரக்கும் இருக்கிறது. எல்லாவற்றையும் இறக்கிப் பிரித்த பிறகுதான் நம் அட்டைப்பெட்டிகளுக்கு கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் நடக்கும். இதற்கு நான்கு நாள். மழை பெய்தால் பெட்டியைத் திறக்க விடமாட்டோம், அட்டை நனைந்தால் மரத்தில் ஈரம் ஏறி இணைப்புகள் உப்பிவிடும். அதிகாரிகள் சரக்கைத் திறந்து பார்க்க முடிவு செய்தாலும் இரண்டு நாள் கூடும். அதனால்தான் ஒரே தேதியாகச் சொல்லாமல் 22 முதல் 25 என்கிறோம்.

மழைக்காலம் என்று தெரிந்தும் 14 என்று இறுக்கமாகத் தேதி கொடுத்தது எங்கள் தவறு. ஒரு வாரம் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

விசேஷத்துக்கு ஷோரூமில் இருக்கும் ஆறு பேர் டேபிளை 19-ஆம் தேதி காலை இறக்கித் தருகிறோம். இரண்டாம் மாடிக்கு ஏற்றுவது, உங்கள் டேபிள் வரும் நாளில் திரும்ப எடுப்பது எல்லாம் எங்கள் ஆட்கள் பொறுப்பு. வாடகை கிடையாது, விருந்தில் கறை பட்டாலும் கேட்க மாட்டோம். துறைமுகத்தில் கட்ட வேண்டியிருக்கும் தாமதக் கட்டணமும் உங்கள் பில்லில் ஏறாது, விலை அதே 46,000 ரூபாய்தான். மீதி 28,000-ஐ டேபிளைப் பூட்டி, கால் ஆடவில்லை, பாலிஷில் கீறல் இல்லை என்று நீங்கள் பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.

காத்திருக்க முடியாது என்றால் அதுவும் நியாயம்தான். முன்பணம் 18,000 ரூபாயைப் பிடித்தமில்லாமல் இரண்டு வேலை நாளில் திருப்பிவிடுவோம். எதுவானாலும் 16-ஆம் தேதிக்குள் சொன்னால் 19-க்கு வண்டி ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.

பெட்டி மணலி போய்ச் சேர்ந்ததும் 16 மாலை இதே வாட்ஸ்அப்பில் எழுதுகிறோம். போய்ச் சேரவில்லை என்றாலும் அன்று எழுதுவோம்.

விற்பனைப் பொறுப்பாளர்
பழைய வண்ணாரப்பேட்டை கடை
நவம்பர் 11