நான்கு ஏடுகளிலிருந்து பேரேட்டுக்கு: புதிய ஜவுளிக் கடையின் ஏப்ரல் கணக்கு

கரூரில் துண்டு, படுக்கை விரிப்பு விற்கும் கடை 2025 ஏப்ரல் 1-ல் திறந்தது. சரக்கு வாங்கியதும் விற்றதும் எல்லாம் 45 நாள் கடனில்தான், அதனால் ஏப்ரலில் யாரும் யாருக்கும் பணம் தரவில்லை. ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாது என்பதால் ஜிஎஸ்டி பதிவும் இல்லை. வாங்கிய பில்லில் இருக்கும் வரி சரக்கின் விலையோடு சேர்ந்துவிடும்.

ஏடுகளில் உள்ளவை இவை, ஒவ்வொரு பதிவின் முன்னால் இருப்பது ஏப்ரல் தேதி:

| ஏடு | பதிவுகள் | மொத்தம் ரூ. |
|---|---|---|
| கொள்முதல் | 3: கண்ணன் 42,000, 12: செல்வம் 27,500, 21: கண்ணன் 18,000 | 87,500 |
| கொள்முதல் திருப்பம் | 7: கண்ணன் 3,500, 15: செல்வம் 1,500 | 5,000 |
| விற்பனை | 9: மாலா 24,000, 16: ரவி 31,200, 25: மாலா 15,800 | 71,000 |
| விற்பனைத் திருப்பம் | 18: ரவி 2,200 | 2,200 |

21-ம் தேதி பில்லின் விலை 20,000. அதில் 10% வியாபாரத் தள்ளுபடி போக 18,000-ஐ மட்டும் ஏட்டில் எழுதியிருக்கிறோம். தள்ளுபடி பேரேட்டுக்கு வரவே வராது. கடைக்கு ஃபேன் ஒன்றைக் கடனில் வாங்கினாலும் அது கொள்முதல் ஏட்டில் ஏறாது, ஏனென்றால் அது விற்பதற்கு வாங்கிய சரக்கு இல்லை. ரொக்க விற்பனைக்கு ரொக்க ஏடு தனியாக இருக்கிறது.

இப்போது எடுத்தெழுதலாம். ஆள் கணக்குகளில் ஒவ்வொரு பதிவையும் அந்தந்தத் தேதியிலேயே எழுத வேண்டும். கொள்முதல், விற்பனை, திருப்பக் கணக்குகளுக்கு மாதக் கடைசியில் மொத்தத்தை மட்டும் ஒரே வரியில் எழுதினால் போதும். நான்கு ஏடு வைப்பதன் லாபமே இதுதான்.

நமக்குச் சரக்கு கொடுத்தவர் கணக்கில் வரவு வைக்கிறோம், திருப்பி அனுப்பியதைப் பற்று வைக்கிறோம். கண்ணன் கணக்கை முழுதாகப் பாருங்கள்:

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| ஏப். 7 கொள்முதல் திருப்பம் | 3,500 | ஏப். 3 கொள்முதல் | 42,000 |
| ஏப். 30 இருப்பு கீ/இ | 56,500 | ஏப். 21 கொள்முதல் | 18,000 |
| | 60,000 | | 60,000 |
| | | மே 1 இருப்பு கீ/கொ | 56,500 |

இருப்புக் கட்டும் வழி இதுதான். முதலில் இரு பக்கத்தையும் தனித்தாளில் கூட்டுங்கள். பெரிய கூட்டுத்தொகை 60,000. அதையே இரண்டு பக்கத்திலும் ஒரே வரிசையில் எழுதிக் கோடு போடுங்கள். குறைகிற 56,500-ஐக் குறைந்த பக்கத்தில் 'இருப்பு கீ/இ', அதாவது கீழ் இறக்கிய இருப்பு, என்று நிரப்புங்கள். அப்புறம் அதே தொகையை மே 1 தேதியிட்டு எதிர்ப்பக்கத்தில் 'இருப்பு கீ/கொ', அதாவது கீழ் கொண்டுவந்த இருப்பு, என்று இறக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் அடுத்த மாதம் கண்ணனுக்குத் தர வேண்டியதே இல்லை என்பதுபோல் கணக்கு நிற்கும்.

செல்வம் கணக்கும் இதே மாதிரிதான்: வரவு 27,500, பற்று 1,500, வரவு இருப்பு 26,000.

வாங்கியவர்கள் கணக்கில் பக்கம் மாறும்:

| ரவி க/கு பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| ஏப். 16 விற்பனை | 31,200 | ஏப். 18 விற்பனைத் திருப்பம் | 2,200 |
| | | ஏப். 30 இருப்பு கீ/இ | 29,000 |
| | 31,200 | | 31,200 |
| மே 1 இருப்பு கீ/கொ | 29,000 | | |

மாலா எதையும் திருப்பவில்லை. அவர் கணக்கின் பற்று இருப்பு 24,000 + 15,800 = 39,800.

இனி மொத்தங்கள். கொள்முதல் கணக்கில் பற்று 87,500, விற்பனைத் திருப்பத்தில் பற்று 2,200. விற்பனையில் வரவு 71,000, கொள்முதல் திருப்பத்தில் வரவு 5,000. திருப்பங்களை விற்பனையிலோ கொள்முதலிலோ கழித்துவிட வேண்டாம். எவ்வளவு சரக்கு திரும்புகிறது என்பது தனிக் கணக்கில்தான் கண்ணில் படும்.

இருப்பாய்வு போட்டு, பற்று இருப்புகளின் கூட்டும் வரவு இருப்புகளின் கூட்டும் சமமா என்று சரிபார்ப்போம். பற்று: 87,500 + 2,200 + 29,000 + 39,800 = 1,58,500. வரவு: 71,000 + 5,000 + 56,500 + 26,000 = 1,58,500. இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். ரவியின் 2,200-ஐத் தவறிப்போய்ப் பற்றுப் பக்கம் எழுதியிருந்தால் 4,400 வித்தியாசம் காட்டும். பாதித் தொகையில் ஏதாவது பதிவு இருந்தால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஆனால் கண்ணனின் 3,500 திருப்பத்தைச் செல்வம் கணக்கில் எழுதினால் இருப்பாய்வு அசையாது, எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் கணக்கு விவரம் வாங்கி ஒப்பிடுங்கள்.

மே 1-ல் ஆள் கணக்குகள் இந்த இருப்புகளோடு தொடரும். கொள்முதல், விற்பனை, திருப்பக் கணக்குகளில் மாதா மாதம் மொத்தம் ஏறிக்கொண்டே போகும். மார்ச் 31 அன்று அவற்றை வியாபாரக் கணக்குக்கு மாற்றி முடித்துவிடலாம்.