பதினெட்டு

மேட்டூர் தண்ணீர் வெண்ணாற்றுக்கு வந்து, நீடாமங்கலம் பக்கம் குறுவை நடவு மும்முரமாக நடந்த வாரத்தில்தான் செந்தில் குரூப் 4 எழுதினான்.

ஒன்றரை வருடப் படிப்பு. படிப்பு என்றால், பழைய கேள்வித்தாளை எடுப்பான், பக்கத்தில் விடைக்குறிப்பை விரித்துக்கொள்வான். கேள்வியில் ஒரு கண், விடையில் ஒரு கண். "ஆமா, இதுதான்" என்று மஞ்சள் கோடு போடுவான். ஒரு நாளைக்கு இருநூறு கேள்வி ஓடும். ஒரு கணக்கைக்கூடப் பேனா பிடித்துப் போட்டதில்லை. படித்ததெல்லாம் தெரிந்ததுபோலவே இருந்தது, பாவம்.

தேர்வறையில் வினாத்தொகுப்பைப் பிரித்ததும் மனசு குளிர்ந்தது. எல்லாம் பார்த்த முகங்கள். 'ஒரு வேலையை 12 பேர் 20 நாளில் முடிப்பர். 8 நாள் கழித்து 4 பேர் விலகினால்...' அதற்குமேல் அவன் படிக்கவில்லை. 18. கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்பினான். மூன்று மணி நேரத் தேர்வை ஒன்றே முக்கால் மணியில் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

உத்தேச விடை வந்த அன்று, தொகுப்பில் குறித்து வைத்ததைச் சரிபார்த்தான். 200-இல் 58 சரி. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், ஆக 87. குறைந்தபட்சத் தகுதியே 90. இரண்டு தடவை எண்ணினான். மூன்றாவது தடவை எண்ணவில்லை.

"அக்கா, விடையே தப்பு. ஆள் கணக்குக்கு 26-னு போட்டிருக்காங்க. 18 தான். ஆட்சேபணை அனுப்பணும்."

கலா தொகுப்பை வாங்கிப் பார்த்தாள். ஒரு வெள்ளைத்தாளை அவன் முன்னால் வைத்தாள். "போட்டுக் காட்டு. அதையும் சேர்த்தே அனுப்பலாம்."

பேனா மூடியைத் திறந்தவன் வெகுநேரம் அப்படியே இருந்தான். முதல் வரி எங்கே தொடங்கும் என்று தெரியவில்லை. அக்கா வாய் திறக்கவில்லை. 12×20 என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினான். 240. எட்டு நாளில் முடிந்தது 96. மீதி 144. எட்டு பேர். வகுத்தான்.

"பாரு, 18!" குரல் உடைந்தது.

நடவு முடிந்து வந்த அம்மா, வாசலில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன கேட்டிருக்கான், சத்தமா படி."

படித்தான். '...விலகினால், வேலை முடிய ஆகும் மொத்த நாள்கள் எத்தனை?'

"மொதல்ல பன்னெண்டு பேரும் எறங்குன எட்டு நாளு என்னாச்சு தம்பி? அதுக்குக் கூலி கெடையாதா?"

செந்தில் குனிந்து, 18-க்குக் கீழே 8 என்று எழுதினான்.